ஊசி போட்ட குஞ்சுகள்

அன்று காலை மயிலாப்பூர் பங்களாவின் கார் ஷெட் வாசலில் இருந்தவர்கள்:

காவேரி. கோழிகள் அவளுடையவை.

தேசப்பன். அவள் புருஷன். பங்களாவின் வாட்ச்மேன். முதலாளி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது, கார் விற்றாகிவிட்டது, ஷெட்டில் கோழி வளர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

ரத்னாக்கா. அடையாறில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர். குஞ்சுகள் அங்கிருந்துதான் வந்தன.

டாக்டர் வைதேகி. இப்போது லஸ் பக்கம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். அதற்கு முன் நாமக்கல்லில் எட்டு வருடம் கோழி நோய் ஆய்வகத்தில் இருந்தவர்.

டில்லிபாபு. நான். ரத்னாக்காவிடம் வேலை. அந்தக் குஞ்சுகள் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊசி போட்டவன்.

ஒரு சேவல். வயது பதினான்கு வாரம். சாக்கின் மேல் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு கிடந்தது. கண் தெளிவாக இருந்தது. கொண்டையும் சிவப்பாகத்தான் இருந்தது. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.

காவேரி ஜூன் மாதம் வாங்கிய நூறு குஞ்சுகளில் இது ஒன்பதாவது. எட்டு செத்துவிட்டன. எல்லாம் இதே மாதிரி, முதலில் நொண்டல், பிறகு கால் விரிப்பு, பிறகு தீனிக்கு எட்ட முடியாமல் இளைத்துச் சாவு. வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து அவள் என்னென்னவோ கொடுத்துப் பார்த்திருக்கிறாள். எட்டாவது செத்த அன்று ரத்னாக்காவுக்குப் போன் செய்து, "உங்க ஆளு ஊசி போட்டானா, இல்ல தண்ணிய ஏத்தினானா?" என்று கேட்டாள். அந்த ஆள் நான்தான். அதற்காகத்தான் நாங்கள் அங்கே இருந்தோம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். ராத்திரி வேலை பார்த்த மூன்று இடங்களில் இரண்டை நான் விட்டேன், மூன்றாவது என்னை விட்டது. இந்த வேலையில் நாலு வருடம் நின்றிருக்கிறேன். குஞ்சைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு யோசனை வருவதில்லை. ரத்னாக்காவின் பொரிப்பகம் ஓடுவதே 'ஊசி போட்ட குஞ்சு' என்ற பேச்சில்தான். ஊசி தப்பென்றால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அறுத்துப் பாத்துடலாமா?" என்றார் டாக்டர்.

"பாருங்க டாக்டரம்மா. அது எப்பிடியும் பொழைக்காது" என்றாள் காவேரி. ஆனாலும் டாக்டர் சேவலின் கழுத்தைத் திருகியபோது அவள் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

துணி துவைக்கிற கல்லில் வைத்துத்தான் அறுத்தார். கையுறை, ஒரு கத்தரி, ஒரு சின்ன கத்தி. தோலை உரித்து, தொடைச் சதையை விலக்கி, வேகமாக ஆனால் அவசரமில்லாமல் செய்தார். காவேரி குனிந்து பார்த்தாள்.

"கோழியே துன்னாதவங்க எம்மாம் அழகா கிழிக்கிறாங்க பாரு" என்றாள் புருஷனிடம்.

"சாப்பிடறவாளுக்கு நடுவுல பசி வந்துடும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல" என்றார் டாக்டர் தலை நிமிராமல். "இங்க வாங்கோ எல்லாரும். டில்லிபாபு, நீங்க கிட்ட வாங்க."

இரண்டு தொடைகளிலும் காலுக்குப் போகும் நரம்பை வெளியே எடுத்து வைத்திருந்தார். இடது நரம்பு மெல்லியது, வெள்ளையாகப் பளபளத்தது, உற்றுப் பார்த்தால் குறுக்கே சின்னச் சின்ன வரிகள். வலது நரம்பு அதைப்போல மூன்று மடங்கு. மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம், ஊறினது போன்ற பருமன். வரிகள் இல்லை.

"ரெண்டும் ஒரே தடிமன்ல இருக்கணும். இதுல நோய் செல்லுங்க வந்து அடைஞ்சிண்டிருக்கு. அதான் கால் போச்சு." ஈரலைத் திருப்பிக் காட்டினார். சுண்டல் கடலை அளவில் வெளிறிய கட்டிகள். "இது மேரக்ஸ். வைரஸால வர்ற கட்டி நோய். கட்டி நோய் இன்னொண்ணும் உண்டு, ஆனா அது பெரும்பாலும் இன்னும் வயசான கோழியில வரும், வாலுக்குக் கிட்ட ஒரு பை இருக்கே, அங்க ஆரம்பிக்கும். இதுல அந்தப் பை சுத்தமா இருக்கு, நரம்புதான் வீங்கியிருக்கு. நரம்பையும் எறகையும் ஆய்வகத்துக்கு அனுப்பறேன். ஆனா எனக்கு சந்தேகம் இல்ல."

மேரக்ஸ். நான் ஊசி போடுவது அந்த ஒரு நோய்க்குத்தான்.

"மன்சனுக்கு வருமா?" என்று கேட்டார் தேசப்பன்.

"வராது. கோழிக்கு மட்டும்தான்."

"இதுக்கு மருந்து?"

"வந்தப்புறம் மருந்து கிடையாது."

"அப்போ முட்டையிலயே வந்துச்சா?" காவேரி ரத்னாக்காவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முட்டை வழியா இது வராது. பொரிச்ச அன்னிக்குக் குஞ்சு சுத்தம். அதான் அன்னிக்கே ஊசி போடறோம், வைரஸுக்கு முன்னாடி ஊசி முந்திக்கணும்னு."

ரத்னாக்கா பையிலிருந்து ஊசிப் பதிவேட்டை எடுத்தார். தேதி, பாட்டில் எண், குஞ்சு எண்ணிக்கை, மருந்து கலந்த நேரம், முடித்த நேரம். எல்லாம் என் கையெழுத்து.

"ஜூன் பன்னெண்டு. முந்நூத்தி நாப்பது குஞ்சு. கலந்தது ஏழு பத்து, முடிச்சது எட்டு அஞ்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள. பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருந்தது, இன்வெர்ட்டர் உண்டு, கலந்ததை ஐஸ் மேல வெச்சுத்தான் போடுவான். இதுக்கு மேல என்ன பண்ணணும் டாக்டர்?"

அந்த மருந்து உயிருள்ள வைரஸ். வான்கோழிக்கு வருகிற ஒரு வைரஸ், கோழியை ஒன்றும் செய்யாது, ஆனால் மேரக்ஸுக்கு எதிராக உடம்பைப் பழக்கிவிடும். பொடியாக வரும். நீல நிறக் கரைசலில் கலக்க வேண்டும். கலந்த நிமிடத்திலிருந்து அது செத்துக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து மிச்சத்தை அழித்துவிட வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும்.

"ஒரு மணி நேரமா?" காவேரி இடுப்பில் கை வைத்தாள். "ரத்னாக்கா, அன்னிக்கு நான் எட்டரைக்கு உங்க கடையாண்டதான் நின்னுக்கினு இருந்தேன், ஆட்டோவுக்கு. அந்த நீலத் தண்ணி பாட்டில் மேசை மேலயே கீது. டில்லி கையில ஊசி கீது. எட்டு அஞ்சுக்கு முடிச்சவன் எட்டரைக்கு ஊசிய வச்சிக்கினு இன்னா பண்றான்? பல்லு குத்திக்கினு இருந்தானா?"

"காவேரி..."

"அக்பர் பாய் பெசன்ட் நகர்ல அதே நாளு வாங்கினாரே, அவுருக்கு ஒண்ணு கூட நொண்டல. எனக்குத்தான் ஆறிப்போனத போட்டான். கடைசி சொட்டு என்னோடதுக்கு."

"காவேரி, புக்குல எழுதியிருக்கு" என்றார் ரத்னாக்கா. குரல் ஏறியது. "நாலு வருஷமா உனக்கு முதல் பெட்டி எடுத்து வெச்சுக் குடுக்கறேன். கோழி செத்தா வருத்தம்தான். அதுக்காக இல்லாததச் சொல்லாத."

"இல்லாததா? நான் பொய் சொல்றேனா? ஏன்யா, நான் பொய் சொல்றவளா?"

தேசப்பன் தரையைப் பார்த்தார். டாக்டர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். ரத்னாக்கா பதிவேட்டின் அந்தப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

காவேரி பொய் சொல்லவில்லை. பதிவேடுதான் பொய்.

அன்று இருநூற்று எண்பது குஞ்சுகள் ஏழு மணிக்கே காய்ந்துவிட்டன. அறுபது இன்னும் ஈரமாக இருந்தன. முதல் இருநூற்று எண்பதை எட்டு ஐந்துக்கு முடித்தேன். அறுபதும் காய எட்டரை ஆனது. பாட்டில் ஒன்று ஆயிரம் குஞ்சுக்கானது. அறுபது குஞ்சுக்கு இன்னொரு பாட்டிலை உடைத்து, தொள்ளாயிரத்து நாற்பது குஞ்சின் மருந்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற எவனுக்கும் வராது. ஐஸ் மேல்தானே இருக்கிறது என்று அதே பாட்டிலிலிருந்து போட்டேன். முடித்தபோது எட்டு ஐம்பது. ரத்னாக்கா அன்று உள்ளே முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் முந்நூற்று நாற்பது, எட்டு ஐந்து என்று எழுதினேன். நீல மருந்து என்பதால் ஊசி இறங்கினால் கழுத்தில் நீலம் தெரியும். அறுபதிலும் தெரிந்தது. நீலம் தெரிந்தால் மருந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், போன மருந்து உயிரோடு இருக்கிறது என்றில்லை. அது எனக்குத் தெரியும்.

சும்மா நின்றால் போதும். புத்தகம் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

"அக்கா சொல்றது உண்மை" என்றேன்.

ரத்னாக்கா நிமிர்ந்தார். "எந்த அக்கா?"

"காவேரிக்கா. எட்டரைக்கு நான் போட்டுட்டுதான் இருந்தேன். அறுபது குஞ்சு லேட்டாக் காஞ்சுது. பழைய கரைசல்லயே போட்டேன். முடிக்க எட்டு அம்பது ஆச்சு. புக்குல தப்பா எழுதினேன்."

காவேரி கையைத் தட்டினாள். "கேட்டுக்கினியா?"

"ஆனா அந்த அறுபது உங்களுது இல்ல" என்றேன். "உங்க பேரு போட்ட பெட்டி ரெண்டும் முதல்லயே மேசைக்குக் கீழ இருந்துச்சு. ஊசி போட்டதும் உங்க பெட்டியிலதான் முதல் நூறையும் விட்டேன். ஏழு பத்துலேர்ந்து ஏழரைக்குள்ள. லேட்டான அறுபதும் அக்பர் பாய்க்குப் போச்சு. அவர் அறுபதுதான் வாங்கினார்."

ஷெட்டின் உள்ளே பழைய முட்டைக் கோழிகள் கொக்கரித்தன. ரத்னாக்கா பதிவேட்டை மூடிப் பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பார்த்தது டாக்டர்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. புதுசாக் கலந்த மருந்து போட்டது இங்க வந்த நூறுக்கு. ஆறிப்போனது பெசன்ட் நகருக்கு."

"ஆமா."

"அங்க ஒண்ணுக்கும் நோய் இல்ல. இங்க ஒம்பது."

"ஆமா டாக்டர்."

"அந்த அக்பர் பாயைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு கேள்வி. அவர்கிட்ட முன்னாடி கோழி இருந்ததான்னு கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்பர் பாஷா எடுத்ததும், "இன்னா டில்லி, நம்ம புள்ளைங்க எல்லாம் ஜோரா கீறாங்க" என்றார். முன்னால் கோழி இருந்ததா என்று கேட்டேன். "ஏது கோழி? மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தோம். மே மாசம்தான் கூண்டே அடிச்சேன். அக்கம்பக்கத்துல கூட யாராண்டயும் இல்ல. இன்னாத்துக்குப்பா கேக்கிற?"

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தேன். டாக்டர் அதற்குள் ஷெட்டுக்குள் போயிருந்தார்.

உள்ளே நாற்பது பெட்டைக் கோழிகள். ஒன்றரை வயது. பளபளவென்று இறகு, நல்ல முட்டை. காவேரிக்கு அவற்றின் மேல் ஒரு கர்வம் உண்டு. அதே ஷெட்டின் மறுபாதியில், நடுவே ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டி, ஜூன் மாதக் குஞ்சுகளை வளர்த்திருந்தாள். மேலே பரண். பரணில் சாக்கு, வைக்கோல், இரண்டு அட்டைப்பெட்டி. பெட்டியில் மார்க்கரில் பெரிதாக 'காவேரி' என்று என் கையெழுத்து.

"இது என்ன பெட்டி?"

"குஞ்சுப் பெட்டி டாக்டர்" என்றார் ரத்னாக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் தூக்கி எறிஞ்சிடுவாங்க. காவேரி மட்டும் பத்திரமா வெச்சு, அடுத்த தடவ குஞ்சு எடுக்க வரும்போது கொண்டாந்து குடுப்பா. அதனால அவ பேரு எழுதி அவளுக்கே வெச்சிருக்கோம்."

"நல்ல அட்டை டாக்டரம்மா. நாலு தபா வந்து போயிருக்கு" என்றாள் காவேரி. "ரத்னாக்கா நமக்கு எவ்ளோ பண்றாங்க, பெட்டியாவது திருப்பித் தர வேணாமா?"

டாக்டர் ஒரு பெட்டியை இறக்கி வெளியே கொண்டுவந்தார். வெயிலில் வைத்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். காற்றோட்டத் துளைகளின் வழியே சாம்பல் நிறத் தூசு வந்தது. அது கீழே விழவில்லை. அப்படியே மிதந்தது. ஒவ்வொருவரும் ஒரு அடி பின்னால் போனோம்.

"இந்த வைரஸ் கோழியோட எறகு வேர்லதான் முழுசா வளரும். தோல் செதில் உதிரும் பாருங்க, அதோட வெளில வரும். தூசுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். குஞ்சு மூச்சு விட்டாப் போதும், உள்ள போயிடும்."

"ஆனா இந்தப் பொட்டைங்களுக்கு நோயே இல்லியே" என்றாள் காவேரி. "அதுங்களும் அக்காவாண்ட வாங்கினதுதான். ஊசி போட்டதுதான்."

"ஊசி போட்டதுதான். அதனாலதான் கட்டி வராம நன்னா நிக்கறது. ஆனா உள்ள வைரஸ் இருக்கும். ஆயுசுக்கும் தூசுல விட்டுண்டே இருக்கும்."

"அப்போ ஊசி இன்னாத்துக்கு?" காவேரி கிட்டத்தட்டக் கத்தினாள்.

டாக்டர் தேசப்பனைப் பார்த்தார். "உங்க வண்டிக்கு ஹெல்மெட் வெச்சிருக்கீங்களா?"

"கீதும்மா. போலீசு நிக்கிற எடத்துல போடுவேன்."

"ஹெல்மெட் போட்டா லாரி மோதாதா?"

"மோதும். மண்டை தப்பும்."

"அவ்வளவுதான் இந்த ஊசி. வைரஸ் உள்ள வர்றத இது தடுக்காது. கட்டி வர்றதத்தான் தடுக்கும். அதுக்கும் ஊசி போட்டு ஒரு வாரமாவது போகணும், ரெண்டு வாரம் போனா இன்னும் நல்லது. இங்க என்ன ஆச்சு? ஏழரை மணிக்கு ஊசி. அடுத்த நிமிஷம் இந்தப் பெட்டி. ஆட்டோல மயிலாப்பூர் வரைக்கும் உங்க ஷெட்டுத் தூசையே மூச்சு விட்டுண்டு வந்திருக்கு. வந்து இறங்கினது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம். ஊசி கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி வைரஸ் உள்ள போய் உக்காந்துடுத்து."

"அப்ப அறுபது குஞ்சுக்கு ஆறிப்போன மருந்து போட்டது பரவால்லையா?" ரத்னாக்கா இதை டாக்டரிடம் கேட்டார். எனக்கான கேள்வி.

"பரவால்ல இல்ல. அதுங்களுக்கு எவ்வளவு மருந்து போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாடி சுத்தமா இருந்தது, அதிர்ஷ்டம். அந்த அறுபதும் இந்த ஷெட்டுக்கு வந்திருந்தா ஒம்பதோட நின்னிருக்காது." என் பக்கம் திரும்பினார். "ஆனா இவர் இப்பச் சொல்லலேன்னா நான் மருந்து மேலதான் சந்தேகப்பட்டிருப்பேன். நேரம், ஃப்ரிட்ஜ், பாட்டில்னு அங்கேயே தேடிண்டு இருந்திருப்பேன். அடுத்த நூறும் இதே பெட்டியில வந்திருக்கும்."

காவேரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே குடுத்தனுப்பிச்சேன் சாவ" என்றாள்.

"நானும்தான்க்கா" என்றேன். "உங்க பேர எழுதினது நான்."

"ஊசி போடலேன்னா இந்த மாதிரி ஷெட்டுல பாதி போயிருக்கும்" என்றார் டாக்டர். "தொண்ணூத்தியொண்ணு நிக்கறது. இன்னும் ரெண்டு மூணு போகலாம், சொல்லிடறேன். மத்ததெல்லாம் நிக்கறதுன்னா அது டில்லிபாபு போட்ட ஊசிதான்."

இதை அவர் எனக்காகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார். ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் பழைய பெட்டைகளில் நாலிலிருந்து இறகு பிடுங்கிக் கவரில் போட்டுக்கொண்டார். தேசப்பன் இரண்டு பெட்டிகளையும் நனைத்து, பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார். காவேரி டாக்டரிடம் பத்து முட்டை கொடுத்தாள். அவர் முட்டையும் சாப்பிடமாட்டார் என்று பிறகுதான் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் வாங்கிக்கொண்டார். கிளினிக்கில் ஒரு லாப்ரடார் இருக்கிறதாம்.

ஆட்டோவில் திரும்பும்போது, மலர் மருத்துவமனை தாண்டியதும் ரத்னாக்கா, "பாட்டில உடைச்சிருக்கலாமே" என்றார்.

"மனசு வரலக்கா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாமே." கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு அக்பர் பாய்கிட்ட நீயே போய்ச் சொல்லு. போன்ல இல்ல. நேர்ல" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் வந்து வேலையப் பாரு. வியாழக்கிழமை முட்டை பொரியுதில்ல?"

மறுநாள் பெசன்ட் நகர் போனேன். அக்பர் பாஷா மாடியில் கோழிகளுக்குக் கீரை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். கோழிகளை ஒரு தடவை எண்ணினார்.

"அப்போ இதுங்களுக்கு ஹெல்மெட்டு பாதிதான் கீதுன்றே."

"ஆமா பாய். வேற கோழி எதுவும் கொண்டாந்து சேக்காதீங்க. மத்தவங்க கோழி வளக்கிற எடத்துக்குப் போனா, குளிச்சி, துணி மாத்திட்டு மேல வாங்க."

"எம்பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்தாலே எனக்கு அப்டித்தான் சொல்லணும்னு தோணும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வந்து சொன்னியே, அது போதும் நைனா. நான் பாத்துக்கிறேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பதினெட்டு நாள் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது. சேவலின் நரம்பில் மேரக்ஸ். பெட்டைகள் நாலில் மூன்றின் இறகில் அதே வைரஸ். ஊசியில் இருக்கிற வான்கோழி வைரஸ் வேறு, அதைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அந்த மூன்றும் அன்றைக்கும் முட்டை போட்டுக்கொண்டிருந்தன. காவேரி அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாவி முண்டைங்க" என்றாள். ஆனால் ஒன்றையும் விற்கவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்தில் இன்னும் இரண்டு போயின. எண்பத்தொன்பது நின்றது.

பொரிப்பகத்தில் இப்போது சில விஷயங்கள் மாறிவிட்டன. பெட்டி திரும்பி வருவதில்லை. யாராவது நல்ல எண்ணத்தில் கொண்டுவந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி, எரிக்கச் சொல்லி அனுப்புகிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஈரக் குஞ்சு காய்ந்து முடியும் வரை பாட்டிலை உடைப்பதில்லை. எல்லாம் காய்ந்த பிறகு ஒரே தடவை. அப்படியும் பின்தங்கினால் புது பாட்டில், எத்தனை குஞ்சாக இருந்தாலும். முதல் தடவை இருபத்திரண்டு குஞ்சுக்கு ஒரு பாட்டிலை உடைத்தபோது ரத்னாக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். மிச்சத்தைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டியபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிவேட்டில் நான் நேரத்தை எழுதுகிறேன். அவர் கையெழுத்துப் போடுகிறார். ஜூன் பன்னிரண்டாம் தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எட்டு ஐம்பது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

காவேரி அடுத்த நூறு வாங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தை பிறந்ததும் போன் செய்தாள்.

"டில்லி, முன்பக்கம் டிரைவர் ரூம் ஒண்ணு சும்மா கீது இல்ல. அமெரிக்காவாண்ட கேட்டுட்டேன். ரெண்டு தபா கழுவி, சுண்ணாம்பு அடிச்சி, ஒரு மாசம் காத்தாட உட்டிருக்கேன். ஷெட்டு பின்னால, ரூமு முன்னால. நடுவுல மொத்தப் பங்களாவும் கீது. போதுமா?"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அவங்கதான் வந்து எடத்தைக் காட்டினாங்க. வேலையும் பிரிச்சாச்சு. பழசு அவரு. புதுசு நானு. ஒரு மாசத்துக்கு நான் ஷெட்டாண்ட போகமாட்டேன், அவரு ரூமாண்ட வரமாட்டாரு. சோறு மட்டும் ஒண்ணாத் துன்றோம். அதுவும் அவரு குளிச்சிட்டு வந்தாத்தான். இருபத்திரெண்டு வருஷத்துல இவ்ளோ சுத்தமா அவர நான் பாத்ததே இல்ல."

வியாழக்கிழமை குஞ்சு எடுத்தோம். நூற்று அறுபது. எல்லாம் காய்ந்த பிறகு கலந்தேன், ஏழு நாற்பது. காவேரியின் நூறை முதலில் போட்டேன். ஒவ்வொன்றாக, கழுத்துத் தோலைத் தூக்கி, ஊசி இறக்கி, நீலம் பார்த்து. முடித்தது எட்டு இருபது. ரத்னாக்கா கையெழுத்துப் போட்டார். புதுப் பெட்டி இரண்டில் விட்டேன். பெயர் எழுதவில்லை.

நானே கொண்டுபோனேன். பங்களா கேட்டில் தேசப்பன் இருந்தார். தலை ஈரம், நெற்றியில் விபூதி, சோப்பு வாசனை.

"தம்பி, நான் அந்தாண்டயே நிக்கிறேன்" என்று தானாகவே பத்தடி தள்ளிப் போனார்.

டிரைவர் ரூம் வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டு. பக்கத்தில் உள்ளே மட்டும் போட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. காவேரி குளித்து, தலையில் துண்டு கட்டி நின்றிருந்தாள். உள்ளே சிவப்பு பல்பு எரிந்தது, உமி பரப்பியிருந்தது, சூடு வாசல் வரைக்கும் வந்தது. நான் பெட்டிகளை நிலைப்படிக்கு வெளியே இறக்கினேன். உள்ளே எட்டிப் பார்க்கக்கூட அவள் விடவில்லை.

"நீ கோழி மேய்க்கிற எடத்துக்கெல்லாம் போற ஆளு. அங்கியே நில்லு."

"நேத்திலேர்ந்து எங்கயும் போகலக்கா. குளிச்சிட்டுதான் வந்தேன்."

"குளிச்சியா? அதிசயம்தான்." மூடியைத் தூக்கி ஒரு குஞ்சை எடுத்துக் கழுத்தைப் பார்த்தாள். சின்ன நீலப் புள்ளி. அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டாள். "ஏழு நாப்பதா?"

"ஏழு நாப்பது. உங்களுது ஏழு நாப்பதுலேர்ந்து எட்டு அஞ்சு வரைக்கும்."

"நெசமா?"

"நெசமா."

அவள் தலையாட்டினாள். அன்று ஷெட்டில் அவள் சத்தம் போட்டிராவிட்டால் என் பொய் அந்தப் புத்தகத்திலேயே இருந்திருக்கும், நான் அதன் மேல் உட்கார்ந்து இன்னும் நாலு வருடம் ஊசி போட்டிருப்பேன். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. ஒரு குஞ்சு சளைக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா."

"நூறும் நிக்கட்டும், அப்பால சொல்லு." பெட்டி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மார்போடு அணைத்துத் தூக்கினாள். வெளிச் செருப்பைக் கழற்றி, பாதத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து, உள் செருப்பில் நுழைத்தாள். "யோவ், பெட்டிய அப்பால தர்றேன், கொளுத்திடு!" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

"கொளுத்திடறேன்" என்றார் அவர் தூரத்திலிருந்து.

அவள் முதுகைக் காட்டியபடி உள்ளே போய்க் காலாலேயே கதவைத் தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது. பெட்டிகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டில் சாவி ஒருமுறை திரும்பியது.